மைத்துனரின் தாளை வைத்து ஓய்வூதியக் கணக்குப் போடாதீர்கள்

தண்டையார்பேட்டையில் எங்கள் தெரு அண்ணன் ஒருவர், மணலி தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வந்த பணத்தில் 20 லட்சத்தை ஆன்யுட்டியில், அதாவது காப்பீட்டு நிறுவனத்திடம் மொத்தமாகக் கொடுத்தால் ஆயுள் முழுவதும் மாதாமாதம் பணம் தரும் திட்டத்தில், போடப்போவதாகச் சொல்லி ஒரு தாளை நீட்டினார். சில ஆண்டுகளுக்கு முன் அவருடைய மைத்துனர் ஆன்யுட்டி வாங்கியபோது கிடைத்த கணக்குத் தாள் அது. மடிப்பில் கிழிந்த அந்தத் தாளில் 'மாதம் 11,667' என்ற இடத்தில் அடிக்கோடு இருந்தது. வாடகை, மருந்து எல்லாவற்றையும் அந்த எண்ணுக்குள் அடக்கிவைத்திருந்தார். இப்போது விசாரித்ததில் அதே 20 லட்சத்துக்குப் பத்தாயிரம்தான் கிடைக்கும் என்றார்கள்.

"ஏழு சதவீதம் ஆறாகியிருக்கிறது. ஒன்றுதானே தம்பி குறைந்தது?" என்றார்.

பலரும் தவறுவது இங்கேதான். ஏழில் ஒன்று போனால் வருமானத்திலேயே ஏழில் ஒரு பங்கு போகிறது. ஆண்டுக்கு 1,40,000 என்பது 1,20,000 ஆகிவிடும். காப்பீட்டு நிறுவனம் நம் பணத்தைப் பெரும்பாலும் நீண்டகால அரசுக் கடன் பத்திரங்களில் போடுகிறது. நாம் வாங்கும் நாளில் அவற்றில் என்ன வட்டி கிடைக்கிறதோ, அதை ஒட்டியே நம் தொகை முடிவாகிறது. பிறகு ஆயுள் முழுவதும் அது மாறாது. அதனால்தான் மைத்துனருக்கு இன்றும் 11,667 வருகிறது. ரிசர்வ் வங்கி 2025-ல் ரெப்போ விகிதத்தை, அதாவது வங்கிகளுக்குக் குறுகிய காலக் கடன் தரும் வட்டியை, 6.50 சதவீதத்திலிருந்து 5.25 ஆகக் குறைத்தது. அதற்காக ஆன்யுட்டியும் அதே அளவு இறங்கும் என்று நினைக்கக் கூடாது. நீண்டகாலப் பத்திரங்கள் தம் போக்கில் நகர்பவை.

அடுத்த தவறு இன்னும் ஆழமானது. 'நம் காலத்துக்குப் பின் போட்ட முதல் தொகை வாரிசுக்குத் திரும்ப வர வேண்டும்' என்ற வகையைக் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுப்பது. அந்த வகையில் மாதாமாதம் வருவது வட்டி மட்டுமே. வாங்கும் நாளில் வட்டி குறைந்திருந்தால் அடி முழுவதும் நம்மேல்தான் விழும். முதல் திரும்பாத வகையில், முதலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து வருகிறது. வீட்டுக் கடன் தவணையைத் தலைகீழாக நினைத்துப் பாருங்கள். 20 லட்சத்தை 20 ஆண்டுக்குப் பிரித்தால் ஏழு சதவீதத்தில் மாதம் சுமார் 15,500. ஆறில் சுமார் 14,330. இங்கே சரிவு பதின்மூன்றில் ஒரு பங்குதான். ஆயுள்வரை தரும் திட்டத்தில் வயதைப் பொறுத்து எண்கள் மாறும், ஆனால் காரணம் இதுவே. மனைவிக்கும் தொடர வேண்டுமானால் தொகை சற்றுக் குறையும். அண்ணி இருக்கும்போது அந்தக் குறைவை ஏற்பதே நியாயம் என்பேன்.

வட்டி ஏறட்டும் என்று மொத்தப் பணத்தோடும் காத்திருப்பதும் தவறு, ஒரே நாளில் மொத்தத்தையும் பூட்டுவதும் தவறு. அண்ணன் எட்டு லட்சத்துக்கு இருவர் ஆயுளுக்குமான ஆன்யுட்டி வாங்கினார். பன்னிரண்டு லட்சத்தை அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டார். அதில் போட்ட நாளின் வட்டியே ஐந்து ஆண்டுக்கும் நிற்கும். அது முடியும்போது அவருக்கு வயதும் கூடியிருக்கும். முதல் திரும்பாத வகையில் வயது ஏற ஏற அதே தொகைக்குக் கூடுதலாகத் தருவார்கள். அன்றைக்குப் புதிய தாள் வாங்கிக்கொள்வதாகச் சொல்லி, பழையதை மைத்துனரிடமே கொடுத்துவிட்டார்.