மருத்துவக் கோப்பை ஓசிஆர் செய்யும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாற்பது பக்க மருத்துவக் கோப்பு ஒன்றை ஸ்கேன் செய்து வைத்திருக்கிறீர்கள், அந்தப் படங்களில் உள்ள எழுத்தைக் கணினி படிக்கும் எழுத்தாக ஓசிஆர் மூலம் மாற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பெரும்பகுதி அச்சடித்த பரிசோதனை முடிவுகள், நடுவே மருத்துவர் கையால் எழுதிய சில தாள்கள். முதல் தவறு, முழுக் கோப்பையும் அப்படியே இணையச் சேவையில் ஏற்றிவிடுவது. ஏற்றலாமா வேண்டாமா என்ற முடிவை ஒவ்வொரு பக்கத்துக்கும் தனியாக எடுக்க வேண்டும்.

‘ஒரு மணி நேரத்தில் அழித்துவிடுவோம்’ என்ற வரியை நம்பிப் பலர் ஏற்றுகிறார்கள். அழித்தார்களா என்று நம்மால் சரிபார்க்க முடியாது. உலாவியில் தெரியும் பூட்டுச் சின்னமும் வழியில் யாரும் படிக்கவில்லை என்பதற்கு மட்டும்தான். போய்ச் சேர்ந்த சர்வரில் கோப்பு திறந்துதான் இருக்கும்.

அச்சடித்த பக்கங்களுக்கு இந்த ஆபத்தே தேவையில்லை. டெசராக்ட் என்ற இலவச மென்பொருள் தமிழையும் ஆங்கிலத்தையும் சேர்த்தே படிக்கும். அதையும் தமிழ் மொழிக்கோப்பையும், அதன்மேல் இயங்கும் ஓசிஆர்மைபிடிஎஃப்-ஐயும் நிறுவிவிட்டால், ஒரே கட்டளை போதும்:

```
ocrmypdf -l tam+eng --deskew in.pdf out.pdf
```

‘ஆஃப்லைனில் தமிழ் சரியாக வராது’ என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் ஸ்கேனைப் பெரிதாக்கிப் பாருங்கள். 150 டிபிஐயில் எடுத்திருந்தால் புள்ளி மங்கிப்போய் ‘க்’ என்பது ‘க’ ஆகிவிடும். அந்தப் படத்தையே பெரிதாக்கினால் போன புள்ளி திரும்பி வராது. 300 டிபிஐயில் மறுபடி ஸ்கேன் செய்ய வேண்டும். அப்புறம் எண்களை மூலத்தோடு ஒப்பிடுங்கள். 1.2 என்பது 12 ஆவது எந்த முறையிலும் நடக்கும்.

கையெழுத்தில் டெசராக்ட் உண்மையிலேயே தடுமாறும். இணையச் சேவைகள்தான் மேல். நாலைந்து தாள் என்றால் நானாக இருந்தால் தட்டச்சு செய்துவிடுவேன். ஏற்றித்தான் ஆக வேண்டுமென்றால் பெயர், பிறந்த தேதி, பதிவு எண் ஆகியவற்றை மறைக்க வேண்டும். இங்கேதான் மோசமான தவறு நடக்கிறது. பிடிஎஃப் மேல் கறுப்புக் கட்டம் வரைந்தால் அது ஒரு மேலடுக்குதான், நகர்த்தினால் அடியில் பெயர் அப்படியே இருக்கும். பக்கத்தைப் படமாக ஏற்றுமதி செய்து, அந்தப் பகுதியையே வெட்டி எறிந்து, மிச்சத்தைப் புதிய பிஎன்ஜி கோப்பாகச் சேமியுங்கள். தாளின் நடுவில் பெயர் திரும்ப வருகிறதா என்றும் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. கணினியில்தான் செய்தோம் என்ற நிம்மதி சில சமயம் பொய்யாகிவிடும். கோப்பு இருக்கும் ஃபோல்டர் கிளவுடோடு தானாக ஒத்திசைந்தால், மூலமும் முடிவும் இரண்டுமே வெளியே போய்விடும். கைபேசி ஸ்கேன் செயலியிலும் இதே கதைதான். வைஃபை, மொபைல் டேட்டா இரண்டையும் அணைத்துப் பாருங்கள். எழுத்தை அறிய மறுத்தால் அது சர்வரை நம்பியிருக்கிறது. அணைத்தும் வேலை செய்கிறதே என்று அப்படியே விட்டுவிட வேண்டாம், இணைப்பு திரும்பியதும் பின்னணியில் ஏற்றும் செயலிகளும் உண்டு. அமைப்புகளில் தானியங்கி பேக்கப்பை அணைத்துவிட்டு, ஒத்திசைவு இல்லாத ஃபோல்டரில் வேலையைத் தொடங்குங்கள்.