மெஸ் சமையலறையில் கரப்பானை ஒழிப்பது எப்படி: ஸ்பிரே இல்லாமல், படிப்படியாக

தினமும் நூற்றுக்கணக்கானவர்களுக்குச் சமைக்கும் இடத்தில் எலி, ஈ, எறும்பு, அரிசி வண்டு எல்லாமே வரும். எலிக்கு ஓட்டையை அடைக்கலாம், ஈக்கு வலைக்கதவு போடலாம், எறும்பு தானாகவே கண்ணில் பட்டுவிடும். வருடக்கணக்கில் உள்ளேயே குடும்பம் நடத்திக்கொண்டு போகவே போகாத ஒன்று உண்டென்றால் அது சின்னக் கரப்பான்தான். அதனால் இந்தப் பதிவு அதை மட்டும் பற்றியது. நான் ஒரு கல்லூரி விடுதி மெஸ்ஸில் மேற்பார்வை பார்க்கிறேன், மூன்று வேளையும் 350 பேர் சாப்பிடுகிறார்கள். அங்கே செய்ததையே வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில்: உங்களிடம் இருப்பது எந்தக் கரப்பான்?

இரவு வேலை முடிந்து விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் கழித்து, டார்ச்சோடு சத்தமில்லாமல் உள்ளே போங்கள். செம்பழுப்பு நிறத்தில் கட்டைவிரல் அகலத்தைவிட நீளமாக, சாக்கடை ஓரமாக ஓடினால் அது பெரிய கரப்பான். அது பெரும்பாலும் வெளியிலிருந்து, கழிவுநீர்க் குழாய் வழியாக வருவது. தரை ஜாலிகளுக்கு நெருக்கமான வலை வைத்து, உடைந்த சேம்பர் மூடியை மாற்றினாலே பாதிக்கு மேல் குறைந்துவிடும்.

புளியங்கொட்டை நீளத்தில், வெளிர் பழுப்பாக, தலைக்குப் பின்னால் இரண்டு கருங்கோடுகளோடு, மேடை மேலும் கிரைண்டர் மேலும் ஓடினால் அதுதான் ஜெர்மன் கரப்பான். இது வெளியில் வாழ்வதில்லை, உங்கள் சமையலறைதான் அதற்கு ஊர், வீடு எல்லாம். பகலிலேயே கண்ணில் படுகிறது என்றால் ஒளிய இடம் போதாத அளவுக்குப் பெருகிவிட்டது என்று அர்த்தம்.

ஸ்பிரே ஏன் கைகொடுக்கவில்லை

முன்பெல்லாம் எங்கள் மெஸ்ஸில் மாதம் ஒருமுறை ஆள் வந்து சுவரோரம் எல்லாம் மருந்து அடித்துவிட்டுப் போவார். மறுநாள் காலையில் ஒரு முறம் நிறைய செத்துக் கிடக்கும், எல்லோருக்கும் திருப்தி. நான்காம் நாள் மறுபடி ஓடும். காரணம் இதுதான்: பகலில் பெரும்பாலான கரப்பான்கள் ஐந்து மில்லிமீட்டர் இடுக்குக்குள் உடம்பை நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும், தரையில் அடிக்கும் மருந்து அங்கே போய்ச் சேராது. போதாததற்குப் பல ஸ்பிரேக்களின் நெடி அவற்றை இன்னும் ஆழமாக, சுவருக்குள்ளும் சுவிட்ச் பெட்டிக்குள்ளும் விரட்டிவிடும்.

முட்டை விஷயம் இன்னொன்று. பெண் கரப்பான் முப்பது நாற்பது முட்டைகள் கொண்ட பையை, பொரியும் நாள் நெருங்கும்வரை வால்பக்கத்திலேயே சுமந்து திரியும். அந்தப் பைக்குள் மருந்து இறங்காது. முட்டை முதிர்ந்த நிலையில் இருந்தால் தாய் செத்த பிறகும் குஞ்சுகள் வெளியே வந்துவிடும். முட்டை பொரிய மூன்று நான்கு வாரம், குஞ்சு வளர்ந்து முட்டையிட இன்னும் இரண்டு மாதம் வரை. ஆகவே ஒரே நாளில் முடித்துத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள், மூன்று மாத வேலை என்று முடிவுசெய்து இறங்குங்கள்.

எங்கே இருக்கிறது என்று எண்ணிக் கண்டுபிடியுங்கள்

எல்லா இடத்திலும் இருப்பதாகத்தான் தோன்றும், ஆனால் குடியிருப்பது இரண்டு மூன்று இடங்களில்தான். அதைக் காட்டிக்கொடுப்பது பூச்சி பிடிக்கும் பசை அட்டை. ஒரு தாளில் சமையலறையின் வரைபடத்தைக் கையால் போடுங்கள், அட்டைகளுக்கு எண் எழுதுங்கள், சுவரும் தரையும் சேரும் ஓரத்திலும் இயந்திரங்களுக்கு அடியிலும் சுவரை ஒட்டினாற்போல வையுங்கள். நடுத்தரையில் வைத்தால் விழாது, ஏனென்றால் கரப்பான் எப்போதும் ஓரத்தை உரசிக்கொண்டேதான் நடக்கும்.

நாங்கள் 12 அட்டைகளை மூன்று இரவு வைத்தோம். மொத்தம் 186 விழுந்தன. அதில் 71 மாவு கிரைண்டருக்கு அடியில், 48 இட்லி வேகவைக்கும் ஸ்டீம் பெட்டிப் பக்கம், 33 ஃபிரிட்ஜ் கம்ப்ரசர் பக்கம். மற்ற ஒன்பது அட்டைகளிலும் சேர்த்தே 34தான். இதுவரை மருந்து அடித்துக்கொண்டிருந்ததோ அரிசி மூட்டை இருக்கும் ஸ்டோர் ரூமில்! அங்கே வைத்த இரண்டு அட்டைகளிலும் சேர்த்து ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

மூன்று இடத்துக்கும் பொதுவானது என்ன என்று பாருங்கள்: சூடு, ஈரம், இடுக்கு. மோட்டார் இரவெல்லாம் வெதுவெதுப்பாக இருக்கும், அதன் கீழே மாவு சிந்திக் காய்ந்திருக்கும்.

மருந்துக்கு முன்னால் சாப்பாட்டை எடுத்துவிடுங்கள்

கிரைண்டரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அடித்தகட்டைக் கழற்றினோம். உள்ளே விரல் தடிமனுக்குக் காய்ந்த மாவு, அதில் மிளகுத்தூள் தூவினாற்போல எச்சம். அதைச் சுரண்டி, வாக்குவம் கிளீனரால் உறிஞ்சி எடுத்தோம். உள்ளே இருந்த கரப்பான்களிலும் பாதி அதிலேயே போய்விட்டன. உறிஞ்சிய பையை உடனே சோப்புத் தண்ணீரில் முக்குங்கள், இல்லாவிட்டால் திரும்ப வெளியே வந்துவிடும்.

அப்புறம் இரவுப் பழக்கம். உணவு இல்லாமல் அது சில வாரம் தாங்கும், தண்ணீர் இல்லாமல் அவ்வளவு தாங்காது. அதனால் கடைசியில் வைப்பரால் தரையை இழுத்து, சிங்க்கைத் துணியால் துடைத்து உலர்த்திவிட்டுப் போவதுதான் முக்கியம். பாத்திரம் தேய்க்கும் அக்காவிடம் நான் கேட்டுக்கொண்டது இரண்டே விஷயம்: ஈரத் துணியையும் தேய்ப்பு நாரையும் சிங்க் ஓரத்தில் சுருட்டி வைக்காமல் கொடியில் விரித்துப் போடுங்கள், எச்சில் டிரம்மை இரவே வெளியே எடுத்துவிடுங்கள். ஸ்டீல் மேஜையின் குழாய்க் கால்களுக்கு அடியில் பிளாஸ்டிக் மூடி கழன்றிருந்தால் புதிதாகப் போடுங்கள், அந்தக் குழாய் அவற்றுக்கு அடுக்குமாடி வீடு. டைல்ஸ் விரிசலுக்கு ஒயிட் சிமெண்ட், சிங்க்குக்கும் சுவருக்கும் நடுவே சிலிக்கான்.

ஜெல் வைப்பது

கரப்பானுக்கான ஜெல் டியூப் கடையில் கிடைக்கும். லேபிளைப் படியுங்கள்: இமிடாகுளோபிரிட் 2.15% அல்லது ஃபிப்ரோனில் 0.05% என்று இருக்கும். இது தின்ன வைத்துக் கொல்லும் மருந்து. தின்றுவிட்டுத் தன் இடுக்குக்குப் போய்ச் சாகும், அதன் எச்சத்தையும் உடம்பையும் தின்னும் குஞ்சுகளும் சாகும். வெளியே வராத குஞ்சுகளைப் பிடிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை.

வைக்கும் அளவு கடுகைவிடப் பெரிது, மிளகைவிடச் சிறிது. பெரிய உருண்டையாக ஒரே இடத்தில் வைப்பதைவிட, சின்னப் பொட்டுகளாகப் பல இடத்தில் வைப்பதுதான் வேலை செய்யும். அட்டையில் அதிகம் விழுந்த இடத்தைச் சுற்றி, இடுக்கின் வாயிலேயே, ஒரு சாணுக்கு ஒன்றாக வையுங்கள். காய் நறுக்கும் மேடை, பாத்திரம், உணவு விழக்கூடிய எந்தப் பரப்பிலும் வைக்கக் கூடாது. நாங்கள் சுமார் 140 பொட்டு வைத்தோம், டியூப்பில் கால் பங்குகூட ஆகவில்லை. எங்கெங்கே வைத்தோம் என்று அதே வரைபடத்தில் குறித்துக்கொண்டோம்.

ஜெல் வைத்த பிறகு அந்தப் பக்கம் ஸ்பிரேயும் ஃபினாயிலும் போகவே கூடாது. நெடி பட்டால் கரப்பான் ஜெல்லைத் தொடாது. எங்கள் மாஸ்டர் நல்லெண்ணத்தோடு இரண்டாம் நாள் இரவு ஃபிரிட்ஜ் பின்னால் ஒரு அடி அடித்துவிட்டார், அந்தப் பக்கத்துப் பொட்டுகள் எல்லாம் அப்படியே இருந்தன, துடைத்துவிட்டு வேறு இடுக்குகளில் புதிதாக வைக்க வேண்டியதாயிற்று. சமையல்காரர்களிடம் முன்பே உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

மருந்து டியூப், ஸ்பிரே டப்பா, எலி மருந்து எதுவும் சமையலறைக்குள்ளோ மளிகை ஸ்டோருக்குள்ளோ இருக்கக் கூடாது. வெளியே பூட்டிய பெட்டியில் வையுங்கள், காலி டப்பாவில் எதையும் ஊற்றி வைக்காதீர்கள். 2013 ஜூலையில் பீகாரின் சாரண் மாவட்டத்தில் பள்ளி மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமைத்த எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிக்கொல்லி கலந்திருந்தது. இந்த ஒரு விஷயத்தில் எனக்கு எந்தச் சமாதானமும் கிடையாது, யார் மீறினாலும் அன்றே வெளியே எடுக்க வைப்பேன்.

குறைகிறதா என்று எப்படித் தெரியும்

வாரம் ஒருமுறை அதே 12 இடத்தில் புது அட்டை, அதே மூன்று இரவு. முதல் வாரம் 186 என்பது 65 ஆனது, கிரைண்டர் பக்கம் 71 இருந்தது 9 ஆகிவிட்டது. ஆனால் ஸ்டீம் பெட்டிப் பக்கம் மட்டும் 48 இருந்தது 41. ஒரே ஒரு அட்டை இப்படி இறங்காமல் நின்றால் மருந்தைக் குறை சொல்வதற்கு முன் இடத்தைச் சந்தேகப்படுங்கள். போய்ப் பார்த்தால் சூட்டில் பொட்டுகள் காய்ந்து கல்லாகிக் கிடந்தன. அதோடு கூடு பெட்டிக்கு அடியில் இல்லை, ஆவி போய்ப் படும் சுவரில் இருந்த சுவிட்ச் பெட்டிக்குள் இருந்தது. எலக்ட்ரீஷியனை வரவழைத்து, மெயினை அணைத்து மூடியைக் கழற்றி, கம்பிகளில் படாமல் மூடியின் உள்விளிம்பில் ஐந்து பொட்டு வைத்தோம். மூன்றாம் வாரம் மொத்தமே 22.

ஐந்தாம் வாரம் 30 ஆக ஏறியதும் எல்லோரும் பதறிவிட்டார்கள். அட்டையை உற்றுப் பாருங்கள் என்றேன். விழுந்தவை எல்லாம் எள்ளளவு குஞ்சுகள், அதாவது மிஞ்சியிருந்த முட்டைகள் பொரிந்திருக்கின்றன. இந்த நேரத்தில் புதுப் பொட்டு வைக்காமல் விட்டால் பழைய கதைதான். வைத்தோம், ஒன்பதாம் வாரம் மூன்றே மூன்று விழுந்தன. நிறைய குஞ்சு விழுந்தால் உள்ளே பெருகுகிறது, வளர்ந்தவை மட்டும் ஒன்றிரண்டு விழுந்தால் வெளியிலிருந்து வந்திறங்குகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். புதுப் பொட்டுகளைக்கூடத் தொடாமல் கரப்பான் ஓடிக்கொண்டிருந்தால், அந்த ஜெல்லின் இனிப்பையே சில கூட்டங்கள் ஒதுக்கப் பழகிவிட்டிருக்கலாம். வேறு இரை கலந்த ஜெல்லுக்கு மாறிப் பாருங்கள்.

திரும்ப உள்ளே வருவது

பெரும்பாலும் சரக்கோடுதான் வரும். எண்ணெய் அட்டைப்பெட்டி, முட்டை அட்டை, காய்கறி கிரேட், பழைய சாக்கு ஆகியவற்றின் மடிப்புகளில் முட்டைப்பையோடு ஒரு பெண் கரப்பான் வந்தால் போதும். அட்டைப்பெட்டிகளை வாசலிலேயே பிரித்து, பொருளை மட்டும் உள்ளே எடுங்கள். முட்டையை நம்முடைய பிளாஸ்டிக் தட்டுக்கு மாற்றிவிட்டுக் காகித அட்டையை முட்டை கொண்டுவருபவரிடமே திருப்பிக் கொடுங்கள். செகண்ட் ஹேண்டில் கிரைண்டரோ ஃபிரிட்ஜோ வாங்கினால் அடித்தகட்டைத் திறந்து பார்க்காமல் உள்ளே ஏற்றாதீர்கள்.

இப்போது நாங்கள் மாதம் ஒருமுறை ஆறு அட்டை மட்டும் வைக்கிறோம். எந்த அட்டையிலாவது மூன்றுக்கு மேல் விழுந்தால் அன்று இரவே அந்த இடத்தில் ஜெல், மறுவாரம் மறுபடி எண்ணிக்கை.