மெயில் மெர்ஜில் உறுப்பினர் கணக்குச் சீட்டு: நான் விழுந்த பள்ளங்கள்

ஏப்ரல் பிறந்தால் எனக்கு ஒரே வேலைதான். மார்ச் 31 இருப்பை வைத்து ஒவ்வொரு உறுப்பினருக்கும் கணக்குச் சீட்டு அடிக்க வேண்டும். பணியாளர் சிக்கன நாணயச் சங்கங்கள் மூன்றுக்குக் கணக்கு எழுதுகிறேன். பங்குத்தொகை எவ்வளவு, சிக்கன சேமிப்பு எவ்வளவு, கடன் பாக்கி எவ்வளவு என்று அரைப் பக்கத்துக்கு ஒரு சீட்டு. எக்செலில் ஒரே மாஸ்டர் ஷீட், வேர்டில் ஒரே படிவம், இரண்டையும் மெயில் மெர்ஜில் கோத்துவிட்டால் வேலை முடிந்தது.

இந்த வருடம் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவரிடம் அந்த வேலையை விட்டேன். அரை மணியில் வந்து, "அண்ணே, முதல் அஞ்சு லெட்டர் பாத்துட்டேன், சரியா வருது, பிரிண்ட் குடுத்துரட்டுமா?" என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. பதினோரு வருடம் முன்பு அதே அஞ்சு லெட்டரைப் பார்த்துவிட்டுத்தான் நானும் பிரிண்ட் கொடுத்தேன்.

படிவம் செய்வது, ஃபீல்டு நுழைப்பது எல்லாம் யாரும் ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொள்வார்கள். அதை இங்கே எழுதப் போவதில்லை.

முதல் அஞ்சைப் பார்த்துவிட்டு அடிப்பது

பதினோரு வருடம் முன்பு நான் சீட்டு அடித்த சங்கத்தில் 412 உறுப்பினர்கள். சீட்டுகளை அடித்து, செயலாளர் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி, கிளைவாரியாகப் பிரித்து அனுப்பிவிட்டோம். பத்து நாள் கழித்து ஓய்வுபெறப்போகும் ஓட்டுநர் ஒருவர் சீட்டோடு வந்தார். கடன் பாக்கி என்ற இடத்தில் 0.00 என்று இருந்தது. பேரேட்டில் அவர் பாக்கி 1,85,000 ரூபாய்.

"கடன் இல்லைன்னு நீங்களே எழுதிக் குடுத்துட்டீங்க. நோ டியூ சர்டிபிகேட் குடுங்க" என்றார். அவர் பின்னாலேயே அவருக்கு ஜாமீன் போட்ட இன்னொருவரும் நின்றிருந்தார், தன் பெயரை எடுத்துவிடச் சொல்லி. இருவர் மீதும் தப்பில்லை. செயலாளர் கையெழுத்துப் போட்ட தாள் அது.

மாஸ்டர் ஷீட்டைத் திறந்தால் அவர் வரியில் கடன் பாக்கி சரியாகவே இருக்கிறது. வேர்டில் மட்டும் சைபர். படிவத்தை அழித்துப் புதிதாகச் செய்தேன், ஃபீல்டை மறுபடி நுழைத்தேன், அப்போதும் சைபர்தான். அந்தக் கட்டத்தின் மேல் போய் நின்ற பிறகுதான் கண்ணில் பட்டது. மற்ற எண்கள் எல்லாம் கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்க, இது மட்டும் இடப்பக்கம் ஒட்டி நின்றது. உள்ளே இருந்தது `1,85,000/-`. எனக்கு முன் இருந்த எழுத்தர் ரசீதில் எழுதுகிற பழக்கத்தில் பின்னால் `/-` போட்டுவிட்டார். அதோடு எக்செல் அதை எண்ணாகப் பார்ப்பதை நிறுத்திவிட்டது. அதற்கு அது வெறும் எழுத்து.

இதில் வேர்டு ஏன் சைபர் போடுகிறது? வேர்டு எக்செல் கோப்பை நேராகப் படிப்பதில்லை. நடுவில் ஒரு டிரைவர் இருக்கிறது. அது ஒவ்வொரு பத்தியிலும் எண் இருக்கிறதா, எழுத்து இருக்கிறதா என்று முதலிலேயே ஒரு முடிவுக்கு வந்துவிடும். அந்த முடிவுக்கு அது பார்ப்பது, வழக்கமான அமைப்பில், முதல் எட்டு வரிகளை மட்டும்தான். எட்டிலும் எண் இருந்தால் பத்தி முழுவதும் எண் என்று தீர்மானிக்கும். பிறகு 207-ஆவது வரியில் ஓர் எழுத்து வந்தால் அதை என்ன செய்வதென்று அதற்குத் தெரியாது. மதிப்பைத் தூக்கி எறிந்துவிடும். வேர்டு அந்த இடத்தில் சைபரைப் போட்டுவிடும். எந்த எச்சரிக்கையும் வராது.

இப்போது அந்த முதல் அஞ்சு லெட்டரை நினைத்துப் பாருங்கள். டிரைவர் பார்த்து முடிவெடுத்த அதே வரிகளைத்தான் நாமும் பார்த்துவிட்டுச் சரி என்கிறோம். அந்த எட்டு வரியில் இந்தத் தப்பு வரவே வராது. அந்த எட்டுக்குள் ஓர் எழுத்து இருந்திருந்தால் டிரைவர் பத்தி முழுவதையும் எழுத்தாகக் கொண்டுவந்திருக்கும், 1,85,000/- அப்படியே அச்சாகியிருக்கும். ஆக ஷீட்டின் தலையில் தேடுகிறவர் கண்ணில் இது எந்நாளும் படாது. எனக்கு இன்னும் எரிச்சல் தருவது இதுதான்.

கண்டுபிடிக்க இரண்டு சோதனை போதும். முதலாவது மெர்ஜுக்கு முன்பு. கடன் பாக்கி F பத்தியில், உறுப்பினர்கள் 2 முதல் 413 வரையுள்ள வரிகளில் இருந்தால், அதே ஷீட்டில் பட்டியலுக்கு வெளியே ஒரு கட்டத்தில் இதைப் போடுங்கள்:

```
=COUNTA(F2:F413)-COUNT(F2:F413)
```

COUNTA ஏதாவது எழுதியிருக்கிற கட்டங்கள் எல்லாவற்றையும் எண்ணும், COUNT எண்களை மட்டும் எண்ணும். விடை சைபர் வர வேண்டும். எனக்கு அன்று 7 வந்தது. ஓட்டுநர் ஒருவர், மற்ற ஆறு பேரில் சிலருக்கு `/-`, சிலருக்கு எண்ணின் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு இடைவெளி. SUM-ம் இந்த எழுத்துகளைக் கூட்டாமல் தாண்டிவிடும். அதனால் ஷீட்டின் கடன் மொத்தம் பொதுப் பேரேட்டின் கடன் மொத்தத்தைவிடக் குறைவாகத்தான் இருந்திருக்கும். நான் மொத்தத்தை ஒத்துப் பார்க்கவே இல்லை. தணிக்கையாளர் அதைத்தான் முதலில் கேட்டார், எனக்குப் பதில் இல்லை.

இரண்டாவது மெர்ஜுக்குப் பின்பு. Finish & Merge-இல் Print Documents-ஐத் தொடாமல் Edit Individual Documents கொடுங்கள். 412 சீட்டும் ஒரே கோப்பாக வரும், அதில் ஃபீல்டுகள் எல்லாம் சாதாரண எழுத்தாகியிருக்கும். அங்கே `கடன் பாக்கி: 0.00` என்று, படிவத்தில் இருப்பதுபோல அப்படியே, தேடினால் எத்தனை இடம் என்று வேர்டு சொல்லும். எக்செலில் உண்மையாகவே சைபர் பாக்கி உள்ளவர்களை `=COUNTIF(F2:F413,0)` எண்ணிச் சொல்லும். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். அன்று செய்திருந்தால் எக்செல் 96 என்றிருக்கும், வேர்டு 103 என்றிருக்கும். ஏழு பேரை இரண்டு நிமிடத்தில் பிடித்திருக்கலாம். அதற்குப் பதில் 'திருத்திய கணக்குச் சீட்டு' என்று தலைப்புப் போட்டு 412 பேருக்கும் மறுபடி அடித்தோம். ஏழு பேருக்கு மட்டும் திருத்தி அனுப்பினால் மற்றவர்கள் தங்கள் சீட்டையும் நம்ப மாட்டார்கள் என்று செயலாளர் சொன்னார். சரிதான்.

சரிசெய்ய, பத்தியை General ஆக மாற்றி, Find & Replace-இல் முதலில் `/-`, அடுத்து கமா, அடுத்து இடைவெளி என்று ஒவ்வொன்றாக வெறுமையாக்குங்கள். எண் வலப்பக்கம் போய் ஒட்டிக்கொண்டால் திருந்திவிட்டது. மேலே எழுதிய கழித்தலில் சைபர் வரும் வரை விடாதீர்கள்.

மாஸ்டர் ஷீட்டிலிருந்தே நேராக மெர்ஜ் செய்வது

எண்களைத் திருத்திய பிறகும் வேறு தொல்லைகள் உண்டு. எக்செலில் 12345.20 என்று அழகாகத் தெரிவது வேர்டில் 12345.200000000001 என்று வரும். 0047 என்ற உறுப்பினர் எண் வெறும் 47 ஆகும். தேதியில் மாதம் முன்னால் போய் நிற்கும். எக்செலில் நாம் கொடுத்த அலங்காரம் வேர்டுக்குப் போவதில்லை, உள்ளே இருக்கிற மதிப்புதான் போகிறது. ஃபீல்டுக்குள் சுவிட்ச் எழுதி இதைச் சமாளிக்கலாம். ஆனால் ஒவ்வொரு ஃபீல்டிலும் எழுத வேண்டும், அடுத்த வருடம் யாராவது படிவத்தைத் தொட்டால் ஒன்று விடுபடும்.

நான் இப்போது மாஸ்டரைத் தொடுவதில்லை. பக்கத்தில் `print` என்று இன்னொரு ஷீட், அதில் எல்லாமே TEXT வாய்ப்பாடு. உறுப்பினர் எண், கடன் பாக்கி, தேதி மூன்றுக்கும் இப்படி:

```
=TEXT(master!A2,"0000")
=TEXT(master!F2,"[>=10000000]##\,##\,##\,##0.00;[>=100000]##\,##\,##0.00;##,##0.00")
=TEXT(master!H2,"dd-mm-yyyy")
```

நடுவில் இருப்பது லட்சம், கோடி கணக்கில் கமா போட: 185000 என்பது 1,85,000.00 ஆகும். வேர்டில் `print` ஷீட்டைத் தேர்ந்தெடுங்கள். பத்தி முழுவதும் எழுத்து என்பதால் டிரைவர் ஊகிக்க ஒன்றும் மிச்சமில்லை, நீங்கள் பார்ப்பது அப்படியே அச்சாகும். ஒரு குறை உண்டு. கூடுதலாகக் கட்டியவர் பாக்கி மைனஸில் இருந்தால் கமா ஆயிரக் கணக்கில்தான் விழும், -185,000.00 என்று. அப்படி ஓரிருவர்தான் இருப்பார்கள், கையால் திருத்திக்கொள்கிறேன்.

இதைச் செய்துவிட்டால் முதல் சோதனை வேண்டாம் என்று நினைக்காதீர்கள். `1,85,000/-` இங்கேயும் எழுத்தாகவே கடந்துவரும். சீட்டில் சரியாகத் தெரியும், மொத்தத்தில் விடுபடும்.

ஒரு பத்தியை மட்டும் வரிசைப்படுத்துவது

பெயரை மட்டும் தேர்ந்தெடுத்து அகரவரிசை கொடுத்தால், பக்கத்துப் பத்திகளையும் சேர்க்கவா என்று எக்செல் கேட்கும். அவசரத்தில் Continue with the current selection கொடுப்பவர்கள் உண்டு. பெயர்கள் நகரும், தொகைகள் நின்ற இடத்திலேயே நிற்கும். ஒருவர் சேமிப்பு இன்னொருவர் பெயரில் போகும். இதில் மோசம் என்னவென்றால் மொத்தம் மாறாது, மேலே சொன்ன சோதனை எதுவும் இதைப் பிடிக்காது. உறுப்பினர் எண்ணை வைத்து நடுவிலிருந்தும் கடைசியிலிருந்தும் ஏழெட்டுப் பேரை எடுத்துப் பேரேட்டோடு ஒத்துப் பாருங்கள். எனக்கு இந்தத் தப்பு வந்ததில்லை, பார்த்திருக்கிறேன்.

பன்னிரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு வரி

ஒரு வரிக்கு ஒரு கடிதம். மாதாமாதம் விவரம் வேண்டுமென்றால் மாதங்களைப் பத்திகளாகப் போடுங்கள்.

சேமிக்காமல் வேர்டுக்குப் போவது

Ctrl+S. பிறகு எக்செலை மூடிவிட்டுப் போங்கள்.

ஃபில்டரை நம்புவது

விலகியவர்களை எக்செலில் ஃபில்டர் போட்டு மறைத்தால் வேர்டுக்கு மறையாது, அவர்களுக்கும் சீட்டு வரும். வேர்டில் Edit Recipient List-இல் வடிகட்டுங்கள், அல்லது `print` ஷீட்டில் அவர்களைச் சேர்க்காதீர்கள்.

மொத்த வரியை அடியில் விடுவது

தம்பியின் ஷீட்டில் கடைசியாக இருந்தது இதுதான். 412 பேருக்கு 413 சீட்டு வந்திருந்தது. கடைசிச் சீட்டை எடுத்துப் பார்த்த தலைவர், "பாக்கி இவ்வளவு வெச்சிருக்காரே, யாருப்பா இந்த மொத்தம்?" என்றார்.