அயர்ன் மாத்திரை ஆரம்பிச்சதும் மலம் கருப்பா போகுதா?

மாசமா இருக்கவங்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துல சிவப்பு கலர்ல இரும்புச்சத்து மாத்திரை குடுப்பாங்கல்ல, ஒரு மாத்திரைல 60 மில்லிகிராம் இரும்பு இருக்கு, ஆனா உடம்பு அதுல கொஞ்சத்த தான் உறிஞ்சும், மிச்சம் எல்லாம் குடலுக்குள்ள போயி அங்க இருக்க சல்ஃபைடோட சேர்ந்து கருப்பாகிடும். அதனால தான் ரெண்டு மூணு நாள்லயே மலம் கரும்பச்சையா, கருப்பா வருது. மாத்திரைய நிறுத்தினா சில நாள்ல பழைய கலர் வந்துரும், ஆனா அதுக்காக நிறுத்திடாதீங்க.

ரத்தமா இருந்தா எப்படி தெரியும்னா, வயித்துல ரத்தம் கசிஞ்சா மலம் தார் மாதிரி பளபளன்னு பிசுபிசுன்னு ஒட்டும், தண்ணி ஊத்தினாலும் லேசுல போகாது, நாத்தமும் குடலப் புரட்டும். கூடவே தலைசுத்தல், படபடப்பு, வயித்துவலி இருந்தா உடனே ஆஸ்பத்திரி போங்க, வலி மாத்திரையோ ஆஸ்பிரினோ சாப்பிடுறவங்க இன்னும் உஷார். மாத்திரையால வர்ற கருப்பு வழக்கம்போல கெட்டியா தான் இருக்கும்.

மலச்சிக்கலும் இதே மிச்ச இரும்பால தான். தண்ணி நிறைய குடிங்க, கீரை, கொய்யா, வாழைத்தண்டு சேத்துக்கோங்க. டீ காபியோட மாத்திரை போட்டா உறிஞ்சுறது இன்னும் குறையும், மிச்சம் தான் கூடும், அதனால ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்க. அப்பவும் முக்கி முக்கி போற நிலைமைன்னா டாக்டர்கிட்ட சொல்லுங்க, டோஸ மாத்துவாங்க, இல்ல ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடச் சொல்லுவாங்க. முக்குறதுல மூலம், வெடிப்பு வந்து செக்கச்செவேல்னு ரத்தம் வந்தா அது வேற கேஸ், அதையும் காட்டிடுங்க.