செத்த நியூரானுக்கு கெலு மருந்தா? ரெலுவை மாற்றும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூரின் நாளைய அதிகபட்ச வெப்பநிலையைக் கணிக்க ஒரு சின்ன நியூரல் நெட்வொர்க் கட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உள்ளீடு மூன்றுதான்: இன்றைய அதிகபட்ச வெப்பநிலை, காற்றின் ஈரப்பதம், காற்றழுத்தம். நடுவில் 256 நியூரான்கள், ஆக்டிவேஷன் ரெலு. பயிற்சி தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே பிழை குறைவது நின்றுபோகிறது. நியூரான்கள் செத்துவிட்டன, கெலுவோ ஸ்விஷோ போட்டால் சரியாகிவிடும் என்பதுதான் பலருக்கும் முதலில் தோன்றும். அதற்கு முன் உள்ளே நடந்தது என்ன என்று எண்களை வைத்துப் பார்த்துவிட வேண்டும்.

ரெலுவின் விதி `max(0, z)`. இங்கே z என்பது உள்ளீடுகளை எடைகளால் பெருக்கிக் கூட்டி, பயாஸையும் சேர்த்த தொகை. z நேர்மமாக இருந்தால் சரிவு 1, எதிர்மமாக இருந்தால் சரிவு 0. சரிவு 0 என்றால் அந்த நியூரானின் எடைகளுக்குத் திருத்தம் எதுவும் வராது. பயிற்சித் தரவில் உள்ள எல்லா நாளுக்கும் z எதிர்மமாகிவிட்டால் அந்த நியூரான் செத்தது.

அளவைச் சரிசெய்யாமல் ஆக்டிவேஷனை மாற்றுவது

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. அக்னி நட்சத்திரத்தில் ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். வெப்பநிலை 41, ஈரப்பதம் 38, கடல்மட்டத்துக்குத் திருத்திய காற்றழுத்தம் 1006 ஹெக்டோபாஸ்கல். ஒரு நியூரானின் எடைகள் முறையே 0.3, 0.1, 0.02, பயாஸ் 0 என்றால் z = 12.3 + 3.8 + 20.12 = 36.22. நியூரான் உயிரோடுதான் இருக்கிறது.

லேர்னிங் ரேட் 0.01, பின்னிருந்து இந்த நியூரானுக்கு வரும் கிரேடியன்ட் 0.1 என்று கொள்வோம். ஒவ்வொரு எடையும் 0.01 × 0.1 × அதன் உள்ளீடு என்ற அளவு குறையும். வெப்பநிலையின் எடை 0.041 மட்டுமே குறைகிறது. காற்றழுத்தத்தின் எடையோ 1.006 குறைந்து, 0.02 ஆக இருந்தது −0.986 ஆகிவிடுகிறது. அதே நாளுக்கு இப்போது z கணக்கிட்டால் ஏறத்தாழ −979 வருகிறது.

ஒரே ஒரு அடியில் இவ்வளவு தூரம் போய்விட்டது. இனி மீள வழியும் இல்லை. காற்றழுத்தம் ஆண்டு முழுவதும் ஆயிரத்தை ஒட்டியே ஊசலாடுவதால், கோடையோ மழையோ எந்த நாளைக் கொடுத்தாலும் z −960-க்கு மேலே ஏறாது.

இங்கே ரெலுவை எடுத்துவிட்டு கெலுவைப் போட்டால் என்ன ஆகும்? z = −979-இல் கெலுவின் சரிவும் கணினியின் 32 பிட் எண்ணில் 0-தான், ஸ்விஷின் சரிவும் 0-தான். நோய் உள்ளீட்டில் இருக்கிறது, ஆக்டிவேஷனில் இல்லை.

சரியான முறை எளியது. ஒவ்வொரு உள்ளீட்டிலிருந்தும் பயிற்சித் தரவில் அதற்குள்ள சராசரியைக் கழித்துத் திட்ட விலக்கத்தால் வகுத்துவிடுங்கள். அதே நாள் இப்போது ஏறத்தாழ 1.8, −1.5, −0.7 என்று மாறும். அதே லேர்னிங் ரேட், அதே கிரேடியன்ட்டில் z நகரும் தூரம் வெறும் 0.007. முன்பு நகர்ந்தது ஆயிரத்துக்கும் மேல். இதைச் செய்தபின்னும் நியூரான்கள் செத்தால் லேர்னிங் ரேட்டைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்துப் பாருங்கள். ஆக்டிவேஷனில் கை வைப்பது அதற்குப் பிறகுதான்.

ஒரு பேட்ச்சைப் பார்த்து மரணச் சான்றிதழ் எழுதுவது

வெளியீடு 0 என்பதாலேயே ஒரு நியூரான் செத்ததாகாது. பாதி உள்ளீடுகளுக்குச் சும்மா இருப்பது ரெலுவின் இயல்பு. மே மாத நாட்களை மட்டும் கொடுத்து எண்ணினால், மார்கழிக் குளிருக்கு மட்டும் விழிக்கும் நியூரானும் செத்த கணக்கில் சேர்ந்துவிடும். ஆகவே முழு ஆண்டுத் தரவையும் ஓட்டிவிட்டு எண்ண வேண்டும்:

```python
alive = torch.zeros(256, dtype=torch.bool)
with torch.no_grad():
    for x, _ in loader:
        alive |= (model.fc1(x) > 0).any(dim=0)
print((~alive).sum().item())
```

கடைசியில் வரும் எண்தான் செத்தவற்றின் எண்ணிக்கை. 256-இல் ஐந்தாறு என்றால் விட்டுவிடலாம். பாதிக்கு மேல் போனால் மேலே சொன்ன அளவுக் கோளாறையோ லேர்னிங் ரேட்டையோ சந்தேகியுங்கள்.

முதல் அடுக்கில் செத்தது, உள்ளீடு மாறாததால், தானாக எழுவது அரிது. உள்ளடுக்குகளில் நிலைமை வேறு. கீழ் அடுக்கின் எடைகள் மாறும்போது சில நியூரான்கள் மறுபடி விழிப்பதுண்டு. அதனால் இந்த எண்ணிக்கையை ஒரு முறையோடு விடாமல் சில எபோக்குக்கு ஒரு முறை எடுப்பது நல்லது.

வளைவாக இருந்தால் சாகாது என்று நம்புவது

ஸ்விஷ் என்பது z-ஐ அதன் சிக்மாய்டால் பெருக்குவது. கெலு, z-ஐ இயல்நிலைப் பரவலின் திரள் நிகழ்தகவால் பெருக்குவது. இரண்டும் 0-க்குக் கொஞ்சம் இடப்பக்கத்தில் சின்னப் பள்ளமாக இறங்கி, பிறகு மெல்ல 0-ஐ நோக்கி ஏறுகின்றன. கெலுவின் பள்ளத்தின் அடி z = −0.75 அருகிலும், ஸ்விஷின் அடி −1.28 அருகிலும் இருக்கின்றன.

z = −0.5 போன்ற இடத்தில் ரெலு கைவிட்டுவிடும், இவை இரண்டும் கைவிடாது. அவற்றின் உண்மையான நன்மை அதுதான். தொலைவில் போனால் கதை மாறும். z = −5-இல் ஸ்விஷின் சரிவு −0.027, கெலுவின் சரிவோ ஏறத்தாழ −0.000007. அங்கே கெலு நியூரான் பெயருக்குத்தான் உயிரோடு இருக்கிறது.

பலர் கவனிக்காத இன்னொன்று அந்த எதிர்மக் குறி. பள்ளத்துக்கு இடப்பக்கம் வெளியீட்டை உயர்த்தச் சொல்லி கிரேடியன்ட் வந்தால், z மேலே வராமல் இன்னும் கீழே போகும், ஏனென்றால் அந்தப் பக்கத்தில் 0-ஐ நெருங்க அதுவே வழி. சரிவு இருப்பது வேறு, அது மீட்டுக்கொண்டு வருவது வேறு.

ஆகவே கெலு வைத்த நெட்வொர்க்கில் வெளியீடு 0-ஆ என்று தேடினால் ஏமாறுவீர்கள், சரியான 0 அங்கே வருவது அபூர்வம். மேலே உள்ள நிரலில் `> 0` என்பதை `> -4` என்று மாற்றி எண்ணுங்கள். ஸ்விஷுக்கு `> -10` போதும், அங்கே அதன் சரிவு 0.0004 அளவுக்கு இறங்கியிருக்கும்.

கடைசி அடுக்கில் ரெலு

வேலூரில் வெப்பநிலை 0-க்குக் கீழே போகவே போகாது, அதனால் வெளியீட்டிலும் ரெலு போட்டால் என்ன என்று தோன்றும். போடாதீர்கள். அந்த ஒரே நியூரான் செத்தால் எல்லா நாளுக்கும் விடை 0 டிகிரி, பின்னால் ஒரு அடுக்குக்கும் கிரேடியன்ட் போகாது. கடைசி அடுக்கை ஆக்டிவேஷன் இல்லாமலே விடுங்கள்.

இரண்டு கெலுவைக் கலப்பது

கெலுவுக்குத் துல்லியமான வடிவம் ஒன்று, டான்எச் வைத்துத் தோராயமாகக் கணக்கிடும் வடிவம் ஒன்று. பைடார்ச்சின் `nn.GELU()` இயல்பாகத் துல்லியமானது. ஜாக்ஸின் `jax.nn.gelu` இயல்பாகத் தோராயமானது. ஓரிடத்தில் பயிற்றிய எடைகளை இன்னொன்றில் ஏற்றும்போது விடை சில தசம இடங்களில் விலகினால் முதலில் இதைப் பாருங்கள். பைடார்ச்சில் `nn.GELU(approximate='tanh')` என்று எழுதினால் பொருந்திவிடும்.

பெர்ட், ஜிபிடி-2 போன்ற ஆழமான டிரான்ஸ்ஃபார்மர்களில் கெலு தன் இடத்தைச் சம்பாதித்திருக்கிறது. மூன்று உள்ளீடும் ஒரே நடு அடுக்கும் கொண்ட இந்த வெப்பநிலைக் கணிப்புக்கு, உள்ளீட்டின் அளவைச் சரிசெய்த ரெலுவே போதும். கணக்கும் மலிவு, சின்ன மைக்ரோகண்ட்ரோலரில்கூட ஓடும்.