மூவாயிரம் திர்ஹாம் சம்பளம், ஊருக்கு எவ்வளவு?

பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ஆம்பூர் பக்கம் எந்தத் தெருவில் நுழைந்தாலும் வளைகுடாவுக்கு ஆள் அனுப்பிய வீடு நாலைந்தாவது இருக்கும். மாதம் பிறந்தால் சம்பள ஸ்லிப் வாட்ஸ்அப்பில் வந்துவிடும். எல்லார் கண்ணும் கடைசி வரிக்குப் போகும். அந்த ஒரு வரியை நம்பி ஏலச்சீட்டில் சேர்வதும், நகைக்கடனுக்குத் தேதி சொல்வதும்தான் பெரும்பாலான குழப்பங்களுக்கு வேர்.

பேரணாம்பட்டிலிருந்து துபாய் போய் ஏசி மெக்கானிக்காக வேலை பார்க்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஜூலை மாத ஸ்லிப் இப்படி இருக்கிறது:

பேசிக்: 1,800
ஹவுசிங் அலவன்ஸ்: 900
டிரான்ஸ்போர்ட் அலவன்ஸ்: 300
ஓவர்டைம் (40 மணி): 375
அட்வான்ஸ் பிடித்தம்: 250
நெட்: 3,125

ஏஜென்ட் சொன்னது மூவாயிரம், வந்திருப்பது அதற்கும் மேலே. "ஏங்க, ரெண்டாயிரம் அனுப்பிட்டு மிச்சத்துல நீங்க செலவு பண்ணிக்கலாமே" என்று மனைவி கேட்பதில் தப்பில்லை. திர்ஹாம் 23 ரூபாய் என்று வைத்தால் அது 46,000 ரூபாய். இரண்டு மாதம் அனுப்புவார், மூன்றாம் மாதம் அறைத் தோழரிடம் கைமாற்று வாங்குவார்.

இங்கே முதல் தவறு, அலவன்ஸைச் சம்பளத்தோடு சேர்த்துப் பார்ப்பது. வீட்டுப்படியும் போக்குவரத்துப்படியும் அங்கேயே கரைவதற்காகக் கொடுக்கிற பணம். அதற்காக இரண்டையும் மொத்தமாகக் கழித்துவிடவும் வேண்டாம். உண்மையில் எவ்வளவு செலவாகிறது என்பதைப் பக்கத்திலேயே எழுதிப் பார்க்க வேண்டும். இவர் தங்கியிருப்பது பெட்ஸ்பேஸில், அதாவது பலர் சேர்ந்திருக்கும் அறையில் ஒரு கட்டில் மட்டும் வாடகைக்கு. கரண்ட், தண்ணீர் எல்லாம் சேர்த்து 750. இரண்டு மண்டலங்களுக்கான மெட்ரோ, பஸ் மாதப் பாஸ் 230. ஆக ஹவுசிங்கில் 150, டிரான்ஸ்போர்ட்டில் 70 மிச்சம். ஊருக்குப் போகும் பணத்தில் அலவன்ஸின் பங்கு இந்த 220 மட்டும்தான்.

மிச்ச கணக்கு பேசிக்கிலிருந்து வரவேண்டும். 1,800 கூட்டல் 220, மொத்தம் 2,020. சாப்பாடு 500, போன் 75, சோப்பு, முடிவெட்டு, தலைவலி மாத்திரை என்று 150 போனால் கையில் 1,295. அட்வான்ஸ் பிடித்தம் 250-ஐக் கழித்தால் 1,045. இவர் மாதாமாதம் தைரியமாகச் சொல்லக்கூடிய தொகை ஆயிரம் திர்ஹாம், அதாவது 23,000 ரூபாய். அட்வான்ஸ் முடிந்த பிறகு 1,250 வரை போகலாம். எந்த மாதத்தோடு முடிகிறது என்பதை அக்கவுன்ட்ஸில் கேட்டுக் குறித்துக்கொள்ளட்டும். பல ஸ்லிப்களில் மீதி எவ்வளவு என்று இருக்காது.

ஓவர்டைம் 375 எங்கே என்று கேட்பீர்கள். வேண்டுமென்றேதான் விட்டேன். ஏசி வேலையில் ஜூன், ஜூலையில் இரவு பகலாக அழைப்பு வரும், டிசம்பரில் ஈ ஓட்ட வேண்டியதுதான். ஜூலை ஸ்லிப்பைப் பார்த்து மாதத்தவணை போட்டவருக்கு ஜனவரியில் மூச்சு முட்டும். ஓவர்டைம் பணம் விமான டிக்கெட்டுக்கும் பள்ளிக்கூடக் கட்டணத்துக்கும் தனியாகக் கிடக்கட்டும்.

அந்த 375 சரியா என்று பார்ப்பதிலும் ஒரு தவறு நடக்கிறது. மொத்தம் மூவாயிரத்தை 240 மணி நேரத்தால் வகுத்து, மணிக்கு 12.50, கால் பங்கு கூட்டினால் பதினைந்துக்கு மேல், கம்பெனி ஏமாற்றுகிறது என்று கோபப்படுவார்கள். அமீரகச் சட்டப்படி ஓவர்டைம் பேசிக்கை வைத்துத்தான். 1,800-ஐ 30 நாளாலும் 8 மணியாலும் வகுத்தால் 7.50. அதோடு 25 சதவீதம் கூட்டினால் மணிக்கு 9.37 சொச்சம், 40 மணிக்கு 375. கணக்கு சரி. இரவு பத்து மணியிலிருந்து அதிகாலை நாலு வரைக்கும் செய்த ஓவர்டைமுக்கு 50 சதவீதம் கூட்ட வேண்டும். ஷிப்ட் முறையில் இருப்பவர்களுக்கு இந்த இரவுக் கணக்கு பொருந்தாது.

பேசிக்கின் அருமை வேலையை விடும்போது இன்னும் நன்றாகத் தெரியும். ஒரு வருடம் முடித்தவருக்கு அமீரகத்தில் கிராஜுவிட்டி என்கிற பணிக்கொடை, முதல் ஐந்து வருடங்களுக்கு வருடத்துக்கு 21 நாள் பேசிக். 1,800 பேசிக் என்றால் வருடத்துக்கு 1,260 திர்ஹாம். இதே மூவாயிரத்தையே பேசிக் 1,000, அலவன்ஸ் 2,000 என்று பிரித்துக் கொடுத்திருந்தால் வருடத்துக்கு 700-தான். மாதாமாதம் கைக்கு வருவது ஒன்றே, ஓவர்டைமும் கிராஜுவிட்டியும் சுருங்கிவிடும். ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடுமுன் மொத்தத்தைப் பார்க்காமல் பேசிக் வரியைப் பாருங்கள் என்று நான் எல்லாரிடமும் சொல்வது இதற்காகத்தான். சவுதியில் கணக்கு வேறு, அங்கே பணிக்கொடைக்கு அலவன்ஸும் சேரும். பக்கத்து வீட்டு சவுதிக்காரர் ஸ்லிப்பை வைத்து துபாய்க்காரருக்குக் கணக்குச் சொன்னால் சரிவராது.

இன்னொரு வகை ஸ்லிப் வீட்டாரை ரொம்பவே ஏமாற்றும். சில கம்பெனிகள் ஹவுசிங்கை ஆறு மாதத்துக்கு மொத்தமாக முன்கூட்டியே கொடுக்கும். மாதம் 900 என்றால் ஜனவரி ஸ்லிப்பில் 5,400 ஏறி நிற்கும். பேசிக், டிரான்ஸ்போர்ட் சேர்ந்து 7,500. ஊரில் போனஸ் என்று நினைத்து வீட்டுக்குக் கான்கிரீட் போட அட்வான்ஸ் கொடுத்துவிடுவார்கள். பிப்ரவரி ஸ்லிப்பைப் பார்த்தால் வெறும் 2,100. அறை வாடகை மாதாமாதம் கேட்கும், ஹவுசிங் ஜூலை வரைக்கும் வராது. நடுவில் வேலையை விட்டால், அனுபவிக்காத மாதங்களின் ஹவுசிங்கைக் கடைசி செட்டில்மென்ட்டில் கம்பெனி பிடித்துக்கொள்வதும் உண்டு. இப்படி வந்த பணத்தை துபாய் வங்கிக் கணக்கிலேயே விட்டு, மாதம் 900 என்று எடுத்துக்கொள்வதுதான் வழி.

அதேபோல, கம்பெனி திடீரென்று கேம்ப்பில் இடம் கொடுத்தால் ஹவுசிங் வரி ஸ்லிப்பிலிருந்து மறைந்துவிடும். வேன் விட்டால் டிரான்ஸ்போர்ட்டும் போகும். நெட் 900 குறைந்திருக்கிறதே என்று வீட்டில் பதறுவார்கள், ஆனால் வாடகை 750-உம் நின்றிருக்கும். உண்மையில் குறைந்திருப்பது 150 மட்டும்தான். லீவில் ஊருக்கு வரும் மாதத்தில் டிரான்ஸ்போர்ட் கொடுக்காத கம்பெனிகளும் இருக்கின்றன, ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

அப்புறம் தேதி. ஜூலைச் சம்பளம் ஆகஸ்ட் முதல் வாரத்தில் வரலாம், பத்தாம் தேதியும் ஆகலாம். ஐந்தாம் தேதி ஏலச்சீட்டில் சேர்ந்துவிட்டு மாதாமாதம் தாமதக் கட்டணம் கட்டுகிறவர்களைப் பார்க்கிறேன். பதினைந்துக்குப் பின்னால் வருகிற சீட்டாகச் சேர்ந்தால் போதும்.

ஊருக்கு இத்தனை ரூபாய் என்று வாக்குக் கொடுப்பதைவிட இத்தனை திர்ஹாம் என்று பேசிக்கொள்வதும் நல்லது. திர்ஹாம் டாலரோடு கட்டப்பட்டது, ஒரு டாலருக்கு 3.67 சொச்சம். டாலருக்கு எதிரே ரூபாய் ஏறினால் வீட்டில் கிடைப்பது குறையும், இறங்கினால் கூடும். அனுப்பும் இடத்தில் கட்டணம் எவ்வளவு என்று மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். கட்டணமே இல்லை என்கிற இடத்தில் ரேட் 22.60 ஆகவும், 15 திர்ஹாம் கட்டணம் வாங்கும் இடத்தில் 23 ஆகவும் இருந்தால், ஆயிரம் திர்ஹாம் கையில் வைத்திருப்பவருக்கு முதல் இடத்தில் 22,600 ரூபாய், இரண்டாவதில் 985-க்கு 22,655 ரூபாய் கிடைக்கும்.