தீபாவளி மாத விற்பனையை வைத்து அடுத்த மாதத்துக்குக் கோடு போடலாமா?

காரைக்குடியில் ஒரு பலகாரக் கடையை எடுத்துக்கொள்வோம். தேன்குழல், சீப்புச் சீடை, அதிரசம், கைமுறுக்கு எல்லாம் சேர்த்து 2025 மே முதல் அக்டோபர் வரை மாத விற்பனை கிலோவில் 410, 420, 390, 400, 440, 760 என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்கள் எடுத்துக்காட்டுக்குத்தான். நவம்பருக்கு எவ்வளவு போடுவது? இரண்டாவது வரியிலிருந்து A பத்தியில் 1 முதல் 6 வரை மாத எண், B பத்தியில் கிலோ. ஆறு மாதத்துக்கும் பொருந்தும் நேர்கோட்டை ஏழாவது மாதம் வரை நீட்ட எக்செல்லில் ஒரே வரி போதும்:

```
=FORECAST.LINEAR(7, B2:B7, A2:A7)
```

விடை 652 கிலோ. கணக்கில் பிழை இல்லை, ஆனாலும் இதை நம்பி மாவு அரைத்தால் பலகாரம் தேங்கும். நாள் போனால் எண்ணெய்ச் சிக்கு வாடை வந்துவிடும், பிறகு யாரும் வாங்கமாட்டார்கள்.

அந்த வருடம் தீபாவளி அக்டோபர் 20. பில் புத்தகத்தைப் புரட்டினால் அக்டோபரின் 760 கிலோவில் 310 கிலோ தீபாவளிப் பெட்டி ஆர்டர், வழக்கமான விற்பனை 450தான். ஒரு மாதத்துக்கு மட்டும் வந்த கூட்டத்தைக் கோடு 'வளர்ச்சி' என்று எடுத்துக்கொண்டது. 760ஐ 450 ஆக மாற்றி அதே வரியை ஓட்டினால் விடை 445. வித்தியாசம் 207 கிலோ.

ஒரே ஒரு மாதத்துக்கு இத்தனை பலமா என்றால், ஆமாம். நேர்கோட்டுக் கணிப்பில் எல்லா மாதமும் சமம் இல்லை. ஆறு மாதக் கணக்கில் கடைசி மாதம் 3 கிலோ கூடினால் அடுத்த மாதக் கணிப்பு 2 கிலோ கூடும். முதல் மாதம் 3 கிலோ கூடினால் கணிப்பு 1 கிலோ குறையும். அதாவது மே மாதத்தில் பெரிய கல்யாண ஆர்டர் ஒன்று வந்திருந்தால், அதனாலேயே நவம்பர்க் கணிப்பு இறங்கும்! பன்னிரண்டு மாதம் எடுத்தால் கடைசி மாதத்தின் பிடி தளரும்: அது 3 கிலோ கூடினால் கணிப்பு 1 கிலோதான் கூடும். அதனால் கோட்டின் இரண்டு முனைகளிலும் உள்ள மாதங்களைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

முடியாத மாதத்தைச் சேர்ப்பதும் இதே வகைத் தவறுதான். நவம்பர் 15ஆம் தேதி வரை விற்றதை முழு மாதம்போல எட்டாவது வரியில் போட்டால், கோடு கீழே சரிந்து டிசம்பர்க் கணிப்பு படுத்துவிடும். மாதம் முடியும் வரை அந்த வரியைக் காலியாக விடுங்கள்.

மாத எண்ணிலும் கவனம் வேண்டும். அக்டோபர் 10, நவம்பர் 11, டிசம்பர் 12 என்று எழுதிவிட்டு ஜனவரிக்கு 1 போட்டால், எக்செல் ஜனவரியை எல்லாவற்றுக்கும் முன்னால் கொண்டுபோய் வைக்கும். பிழைச் செய்தி எதுவும் வராது, விடை மட்டும் தப்பாக இருக்கும். வருடம் மாறினாலும் 13, 14 என்று தொடர்ந்து எண்ணுங்கள்.

இனி, திருத்திய கோட்டையும் கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள். மாதவாரியாக உண்மை விற்பனையிலிருந்து கோடு சொல்லும் அளவைக் கழித்தால் தோராயமாக +11, +13, -24, -22, +10, +12. ஜூலையும் ஆகஸ்டும் மட்டும் இறக்கம். அது ஆடி. கல்யாணம் இல்லை, சீர் பலகாரமும் இல்லை. மிச்சம் இப்படிக் கூட்டல் ஒரு பக்கமும் கழித்தல் ஒரு பக்கமுமாகச் சேர்ந்து நின்றால், கோட்டுக்குத் தெரியாத காரணம் ஏதோ உள்ளே இருக்கிறது என்று பொருள். இங்கே சரியான வழி, ஆறு மாதத்திலிருந்தும் கல்யாண ஆர்டர்களைத் தனியே எடுத்துவிட்டு, கடையில் வந்து வாங்குவதற்கு மட்டும் கோடு போடுவது. பிறகு கார்த்திகை முகூர்த்தங்களுக்கு முன்பணம் வாங்கிய ஆர்டர்களை மேலே கூட்டிக்கொள்ளலாம். கல்யாண ஆர்டரைக் கோட்டுக்குள்ளும் விட்டு, வெளியிலும் கூட்டினால் இரட்டைக் கணக்கு.

445 என்ற ஒற்றை எண்ணையும் அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டாம். `=STEYX(B2:B7, A2:A7)` போட்டால் 20.26 வரும்; மாதங்கள் கோட்டிலிருந்து பொதுவாக எவ்வளவு கிலோ விலகுகின்றன என்பதன் அளவு இது. ஆறு மாதத்தை வைத்து ஏழாவதைக் கணிக்கும்போது இதை 1.366ஆலும், 95 சதவீத எல்லைக்காக 2.776ஆலும் பெருக்க வேண்டும். 77 கிலோ வருகிறது. ஆக நவம்பர் 368 முதல் 522 வரை எங்கு வேண்டுமானாலும் நிற்கலாம். கெடாத அரிசியையும் உளுந்தையும் மேல் எல்லைக்கு வாங்கி வைக்கலாம். எண்ணெய்ச் சட்டியில் போடுவதைக் கீழ் எல்லையில் தொடங்கி, வாரா வாரம் விற்பனை பார்த்து ஏற்றலாம்.

'போன வருடம் இதே மாதம் எவ்வளவு?' என்று பார்ப்பவர்களும் தேதியைக் கவனிக்க வேண்டும். தீபாவளி 2024இல் அக்டோபர் 31, 2025இல் அக்டோபர் 20, 2026இல் நவம்பர் 8. 2026 அக்டோபரை 2025 அக்டோபரோடு ஒப்பிட்டால் வியாபாரம் விழுந்ததுபோலத் தெரியும், உண்மையில் பெட்டி ஆர்டரில் ஒரு பகுதி நவம்பருக்குப் போயிருக்கும். அக்டோபரையும் நவம்பரையும் சேர்த்து ஒரே எண்ணாக ஒப்பிடுங்கள்.